மச்சு என்று எழுதிய பலகை

பெங்களூர் மர்பி டவுனில் சொந்தமாகக் கோழிக்கடை போடுவதற்கு முன்னால் பதினோரு வருஷம் இன்னொருவர் கடையில் கோழி வெட்டினேன். வீடு கோலார் தங்கவயலில். இருட்டோடு ரயிலேறி பெங்களூருக்கு வருவேன், சாயங்காலம் அதே ரயிலில் திரும்புவேன். சட்டையில் ரத்த வாடை இருக்கும் என்பதால் ரயிலில் என் பக்கத்தில் எப்போதும் ஒரு ஆள் உட்காரும் இடம் காலியாகவே இருக்கும். கோழியின் இரண்டு இறக்கையையும் சேர்த்து இடது கையில் பிடித்து, கழுத்தை அறுத்து, நீல டிரம்முக்குள் போட்டு மூடிவிட்டால், உள்ளே அது அடித்துக்கொள்ளும் சத்தம் நிற்கிற வரைக்கும் அடுத்த கோழியைத் தொடமாட்டேன். அது நானாக வைத்துக்கொண்ட பழக்கம். ரத்தம் பார்க்கிறவனுக்கு ரத்தத்தைப் பற்றி எல்லாம் தெரிந்திருக்கும் என்று அப்போது நினைத்திருந்தேன்.

சொந்தக் கடை என்ற யோசனை என் மனைவியின் அண்ணனுடையது. மச்சான் ஃப்ளெக்ஸ் பேனர் அடிக்கும் கடையில் வேலை பார்த்தவர். கல்யாண பேனர், காதுகுத்து பேனர், கண்ணீர் அஞ்சலி பேனர் எல்லாம் அவர் கையால் வடிவமைத்தது. மர்பி டவுனில் எட்டுக்குப் பத்து அடியில் ஒரு கடையும் அதன் பின்னால் ஒரு அறையும் வாடகைக்கு வருகிறது என்று அவர்தான் கண்டுபிடித்தார். நானும் என் மனைவியும் தங்கவயலிலிருந்து பாத்திரம் பண்டத்தோடு வந்து அந்த அறையில் இறங்கினோம். அந்தத் தெருவில் எங்களுக்கு ஒருவரையும் தெரியாது.

பெயரையும் மச்சானே கொண்டுவந்தார். ஒரு மத்தியானம் செல்போனில் படத்தைக் காட்டினார். கறுப்புப் பின்னணி. அதில் நீளமான வெட்டுக்கத்தி ஒன்று, அதன் நுனியில் சொட்டப்போகிற மாதிரி ஒரு துளி ரத்தம். கீழே கன்னடத்திலும் தமிழிலும் 'மச்சு சிக்கன்'.

பெங்களூரில் மச்சு என்றால் ரௌடிகள் முதுகுப் பக்கம் சட்டைக்குள் செருகி வைத்திருக்கும் அந்த நீளக் கத்திதான். கன்னடச் சொல். தமிழ் பேசுகிறவர்களும் அப்படியேதான் சொல்வார்கள்.

"இன்னா மச்சான் இது, பயமா கீது" என்றேன்.

"பயமா இருந்தாதான் மாப்ளே ஞாபகம் இருக்கும். இந்த ரோட்டுல எத்தினி சிக்கன் கடை இருக்குது பாரு. எல்லாம் சாமி பேரு, இல்லன்னா புள்ள பேரு. எவனுக்காவது ஒண்ணு ஞாபகம் இருக்குதா? நம்மளுது கன்னடக்காரனுக்கு கத்தி, தமிழ்காரனுக்கு மச்சான். ரெண்டும் ஒரே பேருல."

அவர் சொன்னதில் பாதி சரி. பலகை ஏற்றிய முதல் நாளே பையன்கள் பைக்கை நிறுத்திப் படமெடுத்தார்கள். ஒரு வாரத்துக்குள் பக்கத்துத் தெருக்காரர்கள்கூட எங்கள் கடைப் பெயரைச் சொல்லிச் சிரித்தார்கள். பெயர் எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது. கறி வாங்கத்தான் ஆள் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடையும் கையுமாகப் பெண்கள் எங்கள் கடை வரைக்கும் வருவார்கள், மேலே பார்ப்பார்கள், நடந்துகொண்டே இருப்பார்கள். இரண்டு தெரு தள்ளியிருந்த பழைய கடையில் வரிசை நிற்கும். என் வெட்டில் குறையில்லை. எலும்பு சிதறாமல், ஒரே அளவில் துண்டு போடுவேன். தராசில் கை வைக்கமாட்டேன். ஆனால் கடைக்குள் வந்தால்தானே அதெல்லாம் தெரியும்.

ஒரு அம்மாள் மட்டும் என் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். தினமும் காலையில் வீட்டு வேலைக்குப் போகிறவர். எங்கள் பக்கமாக நடந்து வருவார், கடைக்கு நாலு வீடு முன்னால் எதிர்ப்பக்கம் மாறிக்கொள்வார், தாண்டியதும் மறுபடியும் இந்தப் பக்கம் வருவார். கோழி வாடை பிடிக்காது போல என்று நினைத்துக்கொண்டேன்.

ஆறாவது ஞாயிறோ ஏழாவதோ. பதினோரு மணி இருக்கும். நான் கட்டையில் ஒரு கோழியைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தேன். மச்சான் கல்லாவில். முப்பது வயதுக்குள் இருக்கும் ஒரு ஆள் கடைக்கு முன்னால் வந்து நின்று மேலே பார்த்தார். கையில் இரும்புக் குழாய்.

"இந்தப் பேரு வெச்சது யாரு?"

மச்சான் சிரித்துக்கொண்டே, "நான்தான் பிரதர். நல்லா இருக்குதா?" என்றார்.

அந்தச் சிரிப்பு முடிவதற்குள் குழாய் பலகையில் விழுந்தது. இரண்டாவது அடியில் சட்டம் முறிந்து பலகை ஒரு பக்கமாகத் தொங்கியது. மூன்றாவது அடி தராசில். கண்ணாடித் தட்டு உடைந்து கறியின் மேல் கொட்டியது. மச்சான் அவர் சட்டையைப் பிடித்தார். அவர் குழாயால் மச்சானின் தோளில் அடித்தார். எலும்பின் மேல் இரும்பு படுகிற சத்தத்தை நான் வருஷக்கணக்கில் கேட்டவன்தான், ஆனால் மனுஷ எலும்பில் அது வேறு மாதிரி கேட்டது. மச்சான் கீழே சாய்ந்தபடியே என் கட்டையிலிருந்த வெட்டுக்கத்தியை எடுத்துவிட்டார். அவர் கண்ணைப் பார்த்தேன். வீசப்போகிறார் என்று தெரிந்தது. யோசிக்க நேரமில்லை. நடுவில் புகுந்து கத்தியை இடது கையால் பிடித்தேன், பிடியை அல்ல, அலகை.

வலி உடனே வரவில்லை. முதலில் சூடு மட்டும்தான். உள்ளங்கையைத் திறந்து பார்த்தபோது நடுவில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது, பிறகு ரத்தம் நிறைந்து அதை மறைத்துவிட்டது. சுட்டுவிரலும் நடுவிரலும் நான் சொன்னதைக் கேட்கவில்லை. கீழே ஈரத்தில் கோழி ரத்தமும் என் ரத்தமும் ஒன்றாகி வடிகாலுக்குப் போய்க்கொண்டிருந்தது. வந்த ஆள் குழாயைக் கீழே போட்டுவிட்டு அப்படியே நின்றார். ஓடவில்லை. யாரோ என் கையில் துண்டைச் சுற்றினார்கள். யாரோ இதையெல்லாம் செல்போனில் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் நரம்பைத் தைத்தார்கள். நடுவிரல் திரும்பி வந்தது. சுட்டுவிரல் இன்றுவரை பாதிதான் மடங்கும். ஸ்டேஷனில் இரண்டு பக்கமும் எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். அங்கேதான், ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது, விஷயம் எனக்குத் தெரிந்தது. அந்த ஆளின் அண்ணனை நாலு வருஷத்துக்கு முன்னால் எங்கள் கடையிலிருந்து ஐந்தாவது வீட்டு வாசலில் வெட்டிக் கொன்றிருக்கிறார்கள். வெட்டியது மச்சால்.

தினமும் எதிர்ப்பக்கம் மாறி நடந்த அம்மாள் அவர்களுடைய தாய்.

கடையைத் திறக்க முடியாமல் இரண்டு வாரம் போனது. கட்டடச் சொந்தக்காரர் மாடியில் இருப்பவர், கன்னடக்காரர், எங்களோடு தமிழில் பேசுவார். படியிறங்கி வந்து, "பேரு மாத்தறதுன்னா மாத்துங்க. இல்லாட்டி காலி மாடி, எடத்தை விட்டுடுங்க. அந்த ஹெசரை, அந்தப் பேரை, மறுபடி என் கட்டடத்துல போட விடமாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதோடு நிறுத்தாமல் நாலு படி ஏறித் திரும்பி, "வெக்கறதுக்கு முன்னால என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்" என்றார்.

அந்த வார்த்தை என்னை அறுத்தது. இரண்டு மாதமாக அந்தத் தெருவில் இருக்கிறோம். யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை.

மச்சானின் கணக்கு வேறாக இருந்தது. பலகையில்லாமல், மனைவியின் கை உதவியோடு நாலைந்து கோழி வெட்டத் தொடங்கியிருந்த ஒரு மத்தியானம், தோளில் கட்டோடு வந்தார், சுருட்டிய புது ஃப்ளெக்ஸைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு. விரித்தார். அதே கறுப்பு, அதே கத்தி. ரத்தத் துளி இப்போது மூன்று.

"அந்த வீடியோவை எத்தினி பேரு பாத்திருக்கான் தெரியுமா மாப்ளே? அல்சூர்ல இருந்து சிவாஜிநகர் வரைக்கும் நம்ம பேரு தெரியும். காசு குடுத்தாலும் இந்த மாதிரி விளம்பரம் வராது. இப்போ போய் மாத்தினா பயந்துட்டான்னு சொல்லுவானுங்க."

"மச்சான், அந்த வீட்ல ஒரு உசுரு போயிருக்குது."

"நம்மளா வெட்டுனோம்?"

நான் ஃப்ளெக்ஸின் ஒரு முனையை வலது கையால் பிடித்து, காலால் மிதித்துக் கிழித்தேன். ஒரு கை ஆளாக இருந்ததால் நேராகக் கிழியவில்லை, கோணலாகப் போனது. மச்சான் பின்னாலிருந்து ஸ்டூலால் முதுகில் அடித்தார். நான் கூண்டின் மேல் விழுந்தேன். உள்ளேயிருந்த கோழிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கத்தின. எழுந்திருக்கப் பார்த்தேன், தைத்த கையை ஊன்றிவிட்டேன், கண்ணில் இருட்டு அடித்தது. அவர் மறுபடியும் ஸ்டூலைத் தூக்கினார். என்னை வருஷக்கணக்கில் "மாப்ளே" என்று கூப்பிட்ட ஆள். என் கல்யாணத்தில் எனக்குப் பக்கத்தில் நின்று வியர்வை துடைத்துவிட்ட ஆள்.

என் மனைவி பின்னறையிலிருந்து வந்தாள். டிரம் கழுவிய தண்ணீர், ரத்தமும் இறகுமாக ஒரு வாளி நிறைய இருந்தது. அதை அப்படியே அவள் அண்ணன் முகத்தில் ஊற்றினாள். அவர் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார், மூக்கிலிருந்து இறகு தொங்கியது.

"ரத்தம்னா உனக்கு அவ்வளவு ஆசைன்னா இந்தா ண்ணா" என்றாள். அவள் குரல் உயரவில்லை. "இது என் வீடும்கூட. அந்தப் பேரு இங்க வேணாம். நீயும் இப்போதைக்கு வேணாம்."

மச்சான் போய்விட்டார். இன்றுவரை எங்கள் வாசலுக்கு வரவில்லை. ஊரின் வேறொரு பக்கத்தில் அதே பெயரில் கடை போட்டிருப்பதாகக் கேள்வி. அங்கே அந்தப் பெயரால் யாருக்கும் காயமில்லாமல் இருக்கலாம். எனக்குத் தெரியாது.

மறுநாள் நாங்கள் இருவரும் அந்த அம்மாள் வீட்டுக்குப் போனோம். போகத்தான் வேண்டுமா என்று வாசல்வரை யோசித்தேன். கதவு திறந்தே இருந்தது. அவர் தரையில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பக்கத்திலிருந்த எவர்சில்வர் சொம்பு பறந்து வந்தது. புருவத்தில் பட்டு ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. நான் துடைக்கவில்லை.

"ம்மா, மன்னிப்பு கேக்க வந்தோம்."

"உங்களுக்கு யாருமே சொல்லலையா?"

"நாங்க யாரையும் கேக்கலம்மா."

அவர் முறத்தைக் கீழே வைத்தார். பிறகு பேசினார், எங்களைப் பார்க்காமல், தரையிலிருந்த அரிசியைப் பார்த்து. "காலையில ஏழு மணி. மூணு பேரு வாசல்ல நின்னு அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டானுங்க. தூங்கிக்கினு இருந்தான். ஃப்ரெண்டுன்னு நெனச்சு நான்தான் எழுப்பிவுட்டேன். சட்டையைப் போட்டுக்கினு போடான்னு சட்டையைக்கூட எடுத்துக் குடுத்தேன். என் கண் முன்னாடி மொத வெட்டு கையில. தடுத்தான். ரெண்டாவது கழுத்துல. நான் அந்தக் கத்தியைப் புடிச்சேன். புடிச்சா உருவிட்டானுங்க." அவர் வலது உள்ளங்கையை விரித்துக் காட்டினார். குறுக்கே ஒரு தழும்பு, என் கட்டுக்குள் இருந்ததைப் போலவே. "நாலு வருஷமா அந்த வார்த்தையை இந்த வீட்ல யாரும் சொல்றதில்ல. நீங்க அதை ரெண்டு அடி ஒசரத்துல எழுதி லைட்டு போட்டு வெச்சீங்க."

அதற்குமேல் நாங்கள் அங்கே நிற்கவில்லை. மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. சொல்லவேண்டிய கட்டாயமும் அவருக்கு இல்லை.

கடைக்கு ஒரு பெயர் வேண்டும். இந்த முறை பலகையிலிருந்து தொடங்கவில்லை, ஆட்களிடமிருந்து தொடங்கினோம். என் மனைவி வாசலில் போய் நின்றுகொண்டாள். இஸ்திரி போடுகிறவர், இட்லி விற்கிற அக்கா, எதிர்வீட்டு டீச்சரம்மா, கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவர் என்று வந்தவர்களையெல்லாம் நிறுத்தி ஒரே கேள்வி கேட்டாள். எங்க கடையை நீங்க இன்னான்னு சொல்லுவீங்க?

இஸ்திரிக்காரர்தான் மறைக்காமல் சொன்னார். "கையை வெட்டிக்கினவன் கடைன்னு சொல்றோம்மா. வேற இன்னா சொல்றது."

நாம் பெயர் வைக்காவிட்டாலும் தெரு ஒன்று வைத்துவிடும். அதை நாங்கள் மாற்றவேண்டும் என்றால் அதைவிடச் சின்னதாக, வாயில் சுலபமாக வருகிற ஒன்று வேண்டும்.

இன்னொரு கேள்வியும் கேட்டாள். கோழி வாங்கும்போது எதைப் பார்ப்பீங்க? கிட்டத்தட்ட எல்லோருமே ஒன்றைச் சொன்னார்கள். நேற்று வெட்டி ஐஸில் வைத்ததை எங்கள் தலையில் கட்டக்கூடாது, நாங்கள் பார்க்கப் பார்க்க வெட்டவேண்டும். எனக்குப் பெயர் கிடைத்துவிட்டது. தமிழில் 'கண்முன்னே', கன்னடத்தில் 'கண்முந்தே'. இரண்டு பாஷைக்கும் ஒரே காது. உற்சாகமாகக் காகிதத்தில் எழுதி மனைவியிடம் நீட்டினேன். அவள் படித்துவிட்டுக் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தாள்.

"அந்தம்மா இன்னா சொன்னாங்க? என் கண் முன்னாடின்னு சொன்னாங்க இல்ல?"

காகிதத்தைக் கசக்கி அடுப்பில் போட்டேன். அந்த வீட்டில் போய் நின்று, காதால் கேட்டு, ரத்தம் வடிந்து வந்த பிறகும் மறுபடி அதே இடத்தில் கால் வைக்கப்போனேன். இனி பெயரை எழுதுவதற்கு முன் இந்தத் தெருவில் ஒவ்வொரு வாசலிலும் நின்று மனதுக்குள் ஒருமுறை சொல்லிப்பார்க்கவேண்டும் என்று அப்போது தோன்றியது.

கடைசியில் பெயர் டீச்சரம்மாவின் ஒரு முறையீட்டிலிருந்து வந்தது. "ஞாயித்துக்கெழமை சர்ச்சுக்குப் போறதுக்கு முன்னாடி கறி வாங்கி வெச்சிட்டுப் போலாம்னா ஒரு கடையும் தொறந்து இருக்கிறதில்ல. ஏழுங்கறான், ஏழரைங்கறான். ஒருத்தன் ஆறு மணிக்குத் தொறந்தா போதும்."

"நாம பின்னாடி ரூம்லதானே இருக்கறோம்" என்றாள் மனைவி. "ஆறு மணிக்குத் தொறக்கலாம். ஆறுன்னே பேரு வெச்சிடலாம்."

ஆறு. தமிழிலும் ஆறு, கன்னடத்திலும் ஆறு, எதிர் வரிசையில் இருக்கும் தெலுங்குக்காரர்களுக்கும் ஆறு. படிக்கத் தெரியாதவர்களுக்கு 6 என்ற எண். வாயை ஒருதரம் திறந்து மூடினால் முடிந்தது. சிலிண்டர்காரருக்குப் போன் போட்டு, "ஆறு சிக்கன் கடைக்கு" என்று சொல்லிப் பார்த்தோம். பேரைத் திருப்பிக் கேட்கவில்லை, வந்து சேர்ந்தார். மாடிக்காரரிடம் சொன்னோம், இஸ்திரிக்காரரிடம் சொன்னோம், யாருக்காவது இந்தப் பேரில் ஏதாவது வருத்தம் இருக்கிறதா என்று கேட்டோம். மாடிக்காரர் மட்டும், "ஆறுக்குத் தொறக்கலைன்னா திட்டுவாங்க" என்றார்.

ஃப்ளெக்ஸ் வேண்டாம் என்று கையால் எழுதும் பெயிண்டரைப் பிடித்தோம். தகரப் பலகை, வானநீலம், நடுவில் வெள்ளையில் பெரிய 6. "கன்னடம் மேல, பெருசா வரணும். பலகையில பாதிக்கு மேல கன்னடம் இருக்கணும்னு ரூல். இல்லன்னா அதுக்கும் ஒருத்தன் கல்லெடுத்துக்கினு வருவான்" என்றார் பெயிண்டர். அப்படியே எழுதினார். கீழே சின்னதாகத் தமிழ். ஓரத்தில் உணவு உரிமத்தின் எண். கத்தி இல்லை, கோழிப் படம்கூட இல்லை. மனைவி அதே நீலத்தில் எங்கள் இருவருக்கும் ஏப்ரன் தைத்தாள். டிரம்முக்கு முன்னால் இடுப்பு உயரத்துக்கு நீலத் திரை போட்டாள். வேண்டுகிறவர்கள் எட்டிப் பார்க்கலாம், குழந்தைகள் பார்க்கவேண்டியதில்லை. முத்திரை போட்ட புதுத் தராசைக் கறி வாங்க வருகிற ஆள் பக்கமாகத் திருப்பி வைத்தேன்.

பெண்கள் வரத் தொடங்கினார்கள். முதல் ஞாயிறு நாலு பேர். மூன்றாவது ஞாயிறு ஆறு மணிக்கே வரிசை. அப்படி ஒரு வரிசையில்தான் அவர் நின்றிருந்தார், இரும்புக் குழாயோடு வந்தவர். கையில் பை. அவர் முறை வந்தது.

"ஒரு கிலோ. கறி கட்" என்றார்.

வெட்டினேன். குழம்புக்கு ஏற்ற சின்னத் துண்டுகள். தராசில் வைத்தேன், அவர் எண்ணைப் பார்த்துத் தலையாட்டினார். சுவரில் ஒட்டியிருந்த க்யூஆரை நோக்கிச் செல்போனை நீட்டினார். திரையை என் பக்கம் திருப்பினார்.

'மச்சு சிக்கன்' என்று அதில் இருந்தது.

அந்தக் க்யூஆர் பழைய பெயரில் பதிவு செய்தது. பணம் எங்கள் கணக்குக்குத்தான் வந்துகொண்டிருந்தது என்பதால் அதைப் பற்றி நான் நினைக்கவே இல்லை. வாங்குகிறவர்கள் ஒவ்வொருவரின் கையிலும் அந்தப் பெயர் ஒளிர்ந்துகொண்டுதான் இருந்திருக்கிறது, பலகை மாற்றிய பிறகும்.

அவர் என் கழுத்தைப் பிடித்து இழுத்தார். பாதி உடம்பு மேஜைக்கு மேல் போனது, கன்னம் வெட்டுக்கட்டையின் ஈரத்தில் அழுந்தியது. மூச்சு நின்றுவிட்டது. என் வலது கையில் கத்தி இருந்தது. அவர் வயிறு அதிலிருந்து ஒரு சாண் தூரத்தில். வெட்டிப் பழகிய கை என்னைக் கேட்காமலே இறுகியது. அந்த இறுக்கத்தை நான் உணர்ந்தேன். விரல்களை ஒவ்வொன்றாகத் திறந்தேன். கத்தி கீழே விழுந்து என் காலைக் கீறியது. வரிசையில் நின்ற டீச்சரம்மா அவர் தலைமுடியைப் பிடித்து இழுத்தார். இஸ்திரிக்காரர் இடுப்பைப் பிடித்தார். அவர் பிடி விடவில்லை.

என் மனைவி யாரையும் பிரிக்கப் போகவில்லை. சுவரில் இருந்த க்யூஆரை நகத்தால் பிய்த்தாள். மேஜையில் ஒட்டியிருந்ததைக் கீழே கிடந்த கத்தியை எடுத்துச் சுரண்டினாள். கல்லாவில் இருந்ததைக் கிழித்தாள். மூன்றையும் அவர் கண்ணெதிரே டிரம்முக்குள் போட்டாள். அதைப் பார்த்த பிறகுதான் என் கழுத்திலிருந்து கை எடுத்தார்.

"இன்னும் எத்தினி எடத்துல வெச்சிருக்கீங்க அதை?" என்றார். அழுதுகொண்டிருந்தார்.

அவரை உட்கார வைத்துத் தேடினோம். பரணில் இரண்டு கட்டு காகிதப் பைகள், கத்திப் படத்தோடு. பில் புத்தகம். செல்போன் வரைபடத்தில் எங்கள் தெருவைத் தட்டினால் வருகிற பெயர், அது மச்சான் ஏற்றியது. மனைவியின் வாட்ஸ்அப்பில் கடைக்கு வைத்திருந்த படம். கூண்டின் பின்பக்கத்தில் ஒரு ஸ்டிக்கர். பைகளைத் தகர டப்பாவில் போட்டு வாசலில் எரித்தோம். வரைபடத்தில் பெயரை மாற்றச் சொல்லி அனுப்பிய விண்ணப்பம் ஏற்கப்பட நாலு நாள் ஆனது. புதுப் பெயரில் க்யூஆர் வரும்வரை கையில் காசு வாங்கினோம். அன்று அவர் பைகள் சாம்பலாகும் வரைக்கும் பார்த்திருந்துவிட்டு, வெட்டிய கறியை எடுக்காமல் போனார்.

ஒரு மாதம் கழித்து வந்தார். ரொக்கமாகக் கொடுத்து வாங்கினார். இப்போதும் அப்படித்தான், எங்கள் கடையில் ஸ்கேன் செய்யமாட்டார். நானும் சில்லறை தயாராக எடுத்து வைத்துவிடுவேன். பேச்சு அதிகமில்லை. அவர் அம்மா இன்றும் எதிர்ப்பக்கம்தான் நடக்கிறார். அதற்குப் பலகையில் செய்ய ஒன்றுமில்லை.

போன மழைக்காலத்தில் தைத்த கை குளிரில் விறைத்து, ஷட்டரின் பூட்டைத் திறக்க முடியாமல் கொஞ்சம் திணறினேன். மனைவி எழுந்து வந்து திறந்தபோது வாசலில் குடையோடு ஒரு பெண் நின்றிருந்தார். புதிதாகக் குடிவந்தவர், அதற்குமுன் பார்த்ததில்லை.

"ஆறுன்னு எழுதி வெச்சிருக்கீங்க" என்று செல்போனை நீட்டினார். ஆறு பதினாறு. "பக்கத்து வீட்ல சொன்னாங்கன்னு நம்பி வந்தேன்."

"சாரிம்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் ஏப்ரனைக் கட்டிக்கொண்டேன். அவர் குடையை மடக்கி, தராசுக்கு நேராக வந்து நின்றுகொண்டார்.